வெள்ளை போலோ, தாடி, தொப்பி

போன வாரம் நம்ம ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல நடந்த கூத்தைப் பத்தி எழுதணும்னு ரெண்டு நாளா கை அரிக்குது. இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல ஒரு கோவில்ல (பேர் வேணாம்) உண்டியல் காசு எண்ணி வச்சிருந்த பெட்டி காணாமப் போச்சு. வாசல் கேமராவுல தெரிஞ்சது இவ்வளவுதான்: வெள்ளை போலோ கார், டர்பன் நம்பர் பிளேட், ஓட்டினவருக்கு தாடி, தலைல நீலத் தொப்பி. மறுநாள் யாரோ ஒரு பையன் கடைத்தெருல அதே மாதிரி ஒரு ஆளைப் பாத்து போட்டோ எடுத்துப் போட்டுட்டான். அவ்வளவுதான், குரூப் பத்திக்கிச்சு.

என் மச்சான் எழுதினதை அப்படியே தரேன்: "வெள்ளை போலோ, தாடி, நீலத் தொப்பி, மூணும் சும்மா ஒத்துப்போக ஆயிரத்துல ஒரு சான்ஸ்தான்டா இருக்கு, அப்போ இவன் திருடனா இல்லாம இருக்கவும் ஆயிரத்துல ஒரு சான்ஸ்தானே?"

அந்த "அப்போ" இருக்கே, அங்கதான் மொத்தக் கோளாறும். முதல் பாதி ஒரு கேள்விக்குப் பதில்: திருடாத ஒருத்தரைப் பிடிச்சா அவர் இந்த அடையாளத்தோட ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? ரெண்டாவது பாதி வேற கேள்வி: ஒத்துப்போற இந்த ஆள் திருடாதவரா இருக்க எவ்வளவு வாய்ப்பு? கேக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணுக்குக் கிடைச்ச நம்பரை இன்னொண்ணுக்குத் தூக்கிப் போட முடியாது. காவடி அன்னிக்கு கோவிலுக்கு வந்து பாருங்க, காவடி எடுக்கிறவங்கள்ல முக்கால்வாசி மஞ்சள் துணிதான், அதுக்காக மஞ்சள் துணி கட்டின எல்லாரும் காவடி எடுக்க வந்தவங்களா? பாதிப் பேர் கூட வந்த சொந்தக்காரங்க.

கோர்ட்ல சர்க்கார் வக்கீலுங்க அடிக்கடி பண்ற தப்புங்கிறதால இதுக்குப் பேரே அவங்க பேர்லதான் வச்சிருக்காங்க. இதுல எனக்கு மறக்கவே முடியாத கேஸ் அமெரிக்காவுல 1964ல நடந்தது, காலின்ஸ் வழக்கு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான் பெட்ரோல ஒரு சந்துல ஒரு அம்மாவைத் தள்ளிவிட்டு பர்ஸைப் பிடுங்கிட்டு ஒரு பொண்ணு ஓடிப்போய் மஞ்சள் கார்ல ஏறினா. சாட்சி சொன்னது: பொண்ணு வெள்ளைக்காரி, பொன்னிற முடி, குதிரைவால் கொண்டை, கார் ஓட்டினவர் தாடி மீசை வச்ச கறுப்பர். இந்த அடையாளத்துக்கு ஒத்துப்போற ஒரு தம்பதியை போலீஸ் பிடிச்சுட்டு வந்தாங்க. (நம்ம நாட்டுல அந்தக் காலத்துல அப்படி ஒரு ஜோடி கல்யாணமே பண்ண முடியாது, அந்தச் சட்டம் 1985 வரைக்கும் இருந்துச்சு. அது வேற கதை.)

சாட்சிகளால முகத்தை உறுதியா அடையாளம் காட்ட முடியலை. உடனே வக்கீல் ஒரு கணக்கு வாத்தியாரைக் கூண்டுல ஏத்தி, தனித்தனி வாய்ப்பை எல்லாம் பெருக்கலாம்னு சொல்ல வச்சுட்டு நம்பரைத் தானே போட்டார்: மஞ்சள் கார் பத்துல ஒண்ணு, மீசை நாலுல ஒண்ணு, குதிரைவால் பத்துல ஒண்ணு, பொன்னிற முடி மூணுல ஒண்ணு, தாடி வச்ச கறுப்பர் பத்துல ஒண்ணு, கார்ல கலப்பு ஜோடி ஆயிரத்துல ஒண்ணு. பெருக்கினா 1 கோடியே 20 லட்சத்துல ஒண்ணு. ஜூரி குற்றவாளின்னு சொல்லிட்டாங்க.

1968ல கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிஞ்சது. அந்த நம்பருக்கெல்லாம் ஆதாரமே இல்லைங்கிறது ஒண்ணு. தாடி வச்சவங்கள்ல நிறையப் பேர் மீசையும் வச்சிருப்பாங்க, ரெண்டையும் தனித்தனியா பெருக்கினா ஒரே விஷயத்தை ரெண்டு தடவை எண்ணின மாதிரிங்கிறது இன்னொண்ணு. எனக்குப் பிடிச்சது மூணாவது. சரி, உன் நம்பர் சரின்னே வச்சுக்குவோம், அப்பவும் அது நீ சொல்றதைச் சொல்லலைன்னு கோர்ட் காட்டுச்சு. அந்த வட்டாரத்துல 1 கோடியே 20 லட்சம் ஜோடிங்க இருந்து, இந்த அடையாளத்தோட ஒரு ஜோடியாவது இருக்குன்னு நமக்கு ஏற்கெனவே தெரியும்னா, அதே மாதிரி இன்னொரு ஜோடியும் இருக்க நூத்துக்கு 41 வாய்ப்பு இருக்கு. யோசிச்சுப் பாருங்க, கோடில ஒண்ணுன்னு கேட்டு ஜூரி மிரண்டிருப்பாங்க, பின்னாடி பாத்தா ரெண்டாவது ஜோடி இருக்க கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

இப்போ நம்ம போலோவுக்கு வருவோம். மச்சானோட ஆயிரத்துல ஒண்ணை அப்படியே எடுத்துக்கிறேன், பேச்சுக்குத்தான். டர்பன் பக்கம் அன்னிக்கு அங்க வந்திருக்கக்கூடிய ஆம்பளைங்க 5 லட்சம் பேர்னு வச்சுக்கலாம். ஆயிரத்துல ஒருத்தர்னா அடையாளம் ஒத்துப்போறவங்க 500 பேர். திருடினது ஒருத்தர். வேற எந்தத் தகவலும் இல்லாம போட்டோல இருக்கிற ஆளைப் பாத்தா அவர் திருடனா இருக்க 500ல ஒரு வாய்ப்பு. மச்சான் சொன்ன கணக்கு என்ன, நிஜக் கணக்கு என்ன!

உடனே நாலு பேர் வந்து, அப்போ கேமரா சாட்சி வேஸ்ட்டான்னு கேப்பீங்க. இல்லை, அதுவும் தப்புதான், இது குற்றம் சாட்டப்பட்டவரோட வக்கீல் பண்ற தப்பு. 5 லட்சத்தை 500ஆ குறைச்சது அந்தக் கேமராதானே, அது பெரிய வேலை. எத்தனை பேர்ல இருந்து ஆரம்பிக்கிறோம்கிறதுதான் விஷயம். அந்தப் பெட்டி எந்த அறைல இருக்குன்னு தெரிஞ்சவங்க 200 பேர்தான்னும், இந்த ஆள் அந்த 200ல ஒருத்தர்னும் வேற வழில தெரிய வந்தா கதையே மாறிடும். மிச்சம் 199 பேர்ல தற்செயலா ஒத்துப்போறவங்க சராசரியா 0.2 பேர். அப்போ இவர்தான்கிறதுக்கு 1.2ல 1, அதாவது நூத்துக்கு 83. கேமரா அதே கேமரா, ஆயிரத்துல ஒண்ணு அதே ஆயிரத்துல ஒண்ணு. அந்த 83ஐ வச்சுக்கூட ஒருத்தரை உள்ள தள்ளலாமாங்கிறது தனிக் கேள்வி, என்னைக் கேட்டா கூடாது.

இன்னொண்ணு குரூப்ல யாரும் கவனிக்கலை. அந்தப் பையன் இவரை எப்படிக் கண்டுபிடிச்சான்? தாடி தொப்பி போலோன்னு தேடிப்போய்த்தான். அப்படித் தேடிப் பிடிச்ச ஆளைக் காட்டி "பாருங்க, தாடியும் தொப்பியும் ஒத்துப்போகுது"ன்னு சொன்னா ஒத்துப்போகாம எப்படிப் போகும்?

டிஎன்ஏன்னு வந்தா இதெல்லாம் போயிடும்னு நினைக்காதீங்க. பத்து லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இந்த டிஎன்ஏன்னு நிபுணர் சொன்னா, பிரிட்டன்ல அப்படி 26 ஆம்பளைங்க இருப்பாங்க, பிடிபட்டவர் அதுல ஒருத்தர்னு இங்கிலாந்து அப்பீல் கோர்ட் 1996லயே விளக்கிச் சொல்லிச்சு. நிபுணர் எவ்வளவு அபூர்வம்னு சொல்லிட்டு நிறுத்திக்கணும், அந்தத் தடயம் இவரோடதாங்கிறதை மத்த சாட்சியோட சேத்து ஜூரி முடிவு பண்ணட்டும்னு சொல்லிட்டாங்க. இங்க ஜூரியை 1969லயே எடுத்துட்டாங்க, மாஜிஸ்திரேட்டும் ஜட்ஜும்தான். 2015ல இருந்து நமக்கும் தேசிய டிஎன்ஏ டேட்டாபேஸ் சட்டம் நடைமுறைல இருக்கு, அதனால டேட்டாபேஸ்ல தேடிப் பிடிச்ச ஆள்னா அந்தப் பையனைப் பத்தி மேல கேட்ட கேள்வியை அங்கயும் கேக்கணும்.

இதையெல்லாம் குரூப்ல எழுதினா யார் படிக்கப் போறாங்க. ஒரே ஒரு கேள்வி போட்டேன்: இந்த குரூப்ல 140 பேர் இருக்கோம், வீட்டுல வெள்ளை போலோ இருக்கிறவங்க கை தூக்குங்க. 9 கை வந்துச்சு. அதுல தாடி வச்சவங்கன்னு கேட்டேன், 3. நீலத் தொப்பின்னு கேக்கிறதுக்குள்ள மச்சான் எனக்குத் தனியா போன் பண்ணி, "டேய் போதும் நிறுத்துடா, என் மவனுக்கும் அந்தத் தொப்பி இருக்கு"ன்னான். அரை மணி நேரத்துல போட்டோவை எடுத்துட்டாங்க.