சொந்தக்காரரிடம் வாங்கும் வட்டிக்கும் வரி உண்டு

“சொந்தக்காரங்ககிட்ட வர்ற பணம் கிஃப்ட் மாதிரி, வட்டிக்கு வரி கிடையாது. டிடிஎஸ் பிடிக்கலைன்னா காட்டவே வேண்டாம்.”

இப்படிச் சிலர் சொல்வது தப்பு. இந்திய வருமான வரியில் உறவினர் தரும் அன்பளிப்புக்குத்தான் விலக்கு, வட்டி என்பது கொடுத்த கடனுக்கு வரும் கூலி, அதை ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் காட்டியே ஆக வேண்டும். டிடிஎஸ் பிடிக்காததற்குக் காரணம் வேறு: வட்டி கொடுக்கும் தனிநபரின் தொழில் வரவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டாவிட்டால், வட்டியில் வரியைப் பிடித்துக் கட்டும் கடமையே அவருக்கு இல்லை. மச்சானுக்கு 3 லட்சம், வருடத்துக்கு 10% வட்டியில் கொடுத்தால் 30,000 ரூபாய் வருமானம். 20% வரம்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 6,240 வரி. அசல் திரும்பி வந்தால் அதற்கு வரி கிடையாது. ஆனால் மொத்தமாக வாங்கினால் எது அசல், எது வட்டி என்று பின்னால் யார் காட்டுவது? அதனால் வட்டியைத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், ‘ரொக்கமாகக் கடன் கொடுத்தேன், புரோநோட்டு இருக்கிறது’ என்ற நண்பருக்கு: ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட்டு கடனுக்குச் சான்றுதான், ஆனால் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கக் கடன் வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை வரை அபராதம் விழலாம். திருப்பித் தருவதும் வங்கி வழியாகவே இருக்கட்டும்.