அந்த "ஒரு பொத்தான்" எங்கே இருக்கிறது?

முந்தைய பதிவின் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. உப்புவெளிக் கடற்கரையில் பெரியப்பா கரைவலை இழுக்கும் படத்துக்கு, நான் மிகவும் மதிக்கிற அண்ணன் ஒருவர், "ஒரு பொத்தானை அமத்தினா வாற பில்டருக்கு இவ்வளவு எடுப்பா தம்பி?" என்று எழுதினார். பலர் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போனார்கள். நல்லது. அந்தப் பொத்தானை எனக்கும் காட்டினால், மூன்று வாரத் தூக்கத்தை நான் மீட்டுக்கொள்வேன்.

நான் செய்ய நினைத்தது சொல்வதற்கு எளியது. வானத்துக்கு நானே தீட்டிய நீர்வர்ணப் பூச்சு, மணலுக்கு எங்கள் வீட்டுப் பனையோலைப் பாயின் பின்னல், பெரியப்பாவுக்குக் கரித்துண்டுக் கோட்டோவியம். ஒரே போட்டோவில் மூன்று பாணிகள். கடலை வானத்தோடு சேர்த்துவிட்டேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

முதலில் நானும் பொத்தான்காரனாகத்தான் இருந்தேன். ஒரு படத்தின் பாணியை நரம்பு வலையமைப்பின் உதவியோடு இன்னொரு படத்துக்கு ஏற்றும் முறையில், முழுப் படத்தையும் மூன்று தடவை மூன்று பாணிக்கு மாற்றி, எந்தப் பகுதி எதுவென்று பிரித்துக் காட்டும் மாஸ்க்கை வைத்து வெட்டி ஒட்டினேன். பெரியப்பாவின் தலையைச் சுற்றி அழுக்குப் பிடித்தது போல ஒரு கருவளையம் வந்தது. வானத்துக்காக மாற்றிய படத்தில் அவருடைய தலையும் சேர்ந்து கரைந்து, மாஸ்க்கின் கோட்டைத் தாண்டி வழிந்திருந்ததே காரணம். வெட்டுக் கோட்டை மென்மையாக்கியபோது வளையம் மறையவில்லை, அகலந்தான் ஆனது.

பிறகுதான், 2015இல் இந்த முறையை வெளியிட்ட லியோன் கேட்டிஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2017இல் எழுதிய கட்டுரையின் வழியில் போனேன். படங்களில் இருப்பதை அடையாளம் காணப் பயிற்றுவிக்கப்பட்ட VGG-19 என்ற நரம்பு வலையமைப்பின் ஒவ்வோர் அடுக்கிலும் எந்த எந்த அம்சங்கள் ஒன்றாகத் தோன்றுகின்றன என்ற கணக்கே அங்கு பாணி எனப்படுவது. அந்தக் கணக்கை முழுப் படத்துக்கும் எடுக்காமல், ஒவ்வொரு மாஸ்க்குக்குள்ளும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அதை அந்த மாஸ்க்கின் பரப்பாலும் வகுக்க வேண்டும். படத்தில் பெரியப்பா பிடித்திருந்த இடம் ஏறத்தாழ 6 சதவீதம், வகுக்காமல் விட்டபோது கரிக்கோடு அவர்மீது ஒட்டவே இல்லை.

வகுத்த பிறகும் எல்லை கலங்கியது. அந்த வலையமைப்பின் ஆழத்தில் இருக்கிற conv5_1 அடுக்கின் ஒரு புள்ளி, மூலப் படத்தில் 156 பிக்சல் அகலமுள்ள சதுரத்தைப் பார்க்கிறது. 1024 பிக்சல் அகலமான படத்தில் பெரியப்பாவின் உடல் 110 பிக்சல்தான். ஆகவே அவரை மட்டுமே பார்க்கிற ஒரு புள்ளிகூட அந்த அடுக்கில் இல்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் வானத்தையோ மணலையோ சேர்த்தே பார்க்கும். அவருக்கு மட்டும் அதைவிட ஆழம் குறைந்த conv3_1 அடுக்கோடு நிறுத்தினேன். அங்கு ஒரு புள்ளி பார்ப்பது 24 பிக்சல். எல்லையை மிதிக்கும் புள்ளிகளைக் கணக்கிலிருந்து நீக்க, மாஸ்க்கை உள்நோக்கி ஒடுக்கினேன். கருவளையம் போயிற்று. இதில் எந்த இடத்தில் ஐயா பொத்தான்?

"மாஸ்க்கைக் கணினிதானே வெட்டித் தருகிறது?" என்று கேட்பீர்கள். தருகிறது. அதை நம்பி அச்செடுத்துப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைப் பார்ப்பார், சிரிப்பார் என்று நின்றேன். அவர் விரலை நேரே கயிற்றில் வைத்து, "இது அறுந்துபோய்க் கிடக்குதே மகன், வலை எப்பிடிக் கரைக்கு வரும்?" என்றார். ஐந்து பிக்சல் தடிப்பான கயிறு. மாஸ்க் அதைப் பாதி வானம் என்றும் பாதி மணல் என்றும் எடுத்துக்கொண்டதால், ஒரு பாதி நீர்வர்ணத்தில் கரைந்தது, மறுபாதி பாய்ப் பின்னலானது. நாற்பது வருடமாக அந்தக் கயிற்றை இழுத்த மனிதருக்கு, வெறும் காற்றை இழுக்கிற படத்தைக் கொடுத்திருக்கிறேன். அன்றிரவு கயிற்றைக் கையால் கோடிட்டு நான்காவது மாஸ்க் ஆக்கினேன். 24 பிக்சல் பார்வையிலும் ஐந்து பிக்சல் கயிறு தனித்து நிற்காது என்பதால், அதற்குப் பாணி எதுவும் கொடுக்காமல் மூலப் போட்டோவிலிருந்தே கடைசியில் மேலே வைத்தேன்.

நல்ல போட்டோவை ஏன் ஓவியமாக்க வேண்டும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. விருப்பம் இல்லையென்றால் பார்க்க வேண்டாம். "கணக்குப் போட்டது இயந்திரம், உனக்கென்ன பெருமை" என்ற பேச்சுத்தான் வலிக்கிறது. கயிறு அறுந்தது இயந்திரத்துக்குத் தெரியவில்லை. எனக்குந்தான் தெரியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தவர் பெரியப்பா, அவர் படத்தைப் பார்த்தார், நீங்கள் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால், அவருடைய இடது முழங்கைக்குக் கீழே, விரல் நகமளவு இடத்தில், பாயின் ஒரு கீற்று இன்னும் தோலில் ஏறியிருப்பது அண்ணனின் கண்ணில் பட்டிருக்கும். அதைப் பிழையென்று எழுதியிருந்தால் நன்றி சொல்லித் திருத்தியிருப்பேன்.