தவணை கேட்டேன், கடன் ஃபாரத்தை நீட்டினார்கள்

பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போய்த் தவணை கேட்கிறவன், பணம் தர முடியாது என்று சொல்லப் போகவில்லை. தருகிறேன், எந்தத் தேதியில் எவ்வளவு என்று பேசிக்கொள்வோம் என்றுதான் போகிறான். ஏமாற்ற நினைப்பவன் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான், போனையும் எடுக்க மாட்டான். ஆனால் கவுன்டரில் திட்டு வாங்குவது யார்? நேரில் போய் நிற்கிறவன்தான்.

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் யூனிட்டில் கான்ட்ராக்ட்டில் இருந்தேன். ஓ.டி. சேர்த்து மாதம் 29,000 வரும். ஆகஸ்டில் ஒரு பிளான்டை நிறுத்தினார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நோட்டீஸ் எல்லாம் கிடையாது, கேட் பாஸைப் புதுப்பிக்காமல் விட்டால் முடிந்தது. இப்போது மச்சானின் குட்டியானையை ஓட்டுகிறேன். முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் லோடு, மஞ்சக்குப்பத்துக்குக் காய்கறி லோடு, கிடைப்பதை ஏற்றுகிறேன். மனைவி தைக்கிற பிளவுஸ் காசையும் சேர்த்தால் 14,000 தேறும். பிள்ளைகள் இரண்டு பேர், ஏழாவதும் நாலாவதும். இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 60,000, மூன்று டெர்மாகக் கட்ட வேண்டும். முதல் 20,000 ஜூனிலேயே கட்டிவிட்டேன். மீதி 40,000.

நான் வெறுங்கையோடு போய் அழவில்லை, கணக்கோடு போனேன். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மாதம் 3,000. தையில் எங்கள் ஏலச்சீட்டு முடிகிறது, அதில் 16,000. பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் மாதம் 4,000. கூட்டிப் பாருங்கள், சரியாக 40,000. இந்தக் கல்வியாண்டுக்குள்ளேயே பைசா பாக்கியில்லாமல் முடிகிறது. ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை.

ஆபீஸ் மேடம் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சிஸ்டத்துல பார்ட் பேமென்ட் எடுக்காது சார். டெர்ம் ஃபீஸ் முழுசா கட்டுங்க, இல்லன்னா ஃபைன் ஏறும்."

சிஸ்டம் எடுக்காது என்பது பொய் என்று அந்த வாரமே தெரிந்தது. 3,000 கட்டினேன், எடுத்தது. எடுத்த விதம்தான் வயிற்றெரிச்சல். கெடு தாண்டினால் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 20 ரூபாய் ஃபைன், இரண்டு பிள்ளைக்கு மாதம் 1,200. நாம் எதைக் கட்டினாலும் முதலில் ஃபைனைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் ஃபீஸில் வரவு வைப்பார்கள். அதாவது மாதாமாதம் 3,000 கட்டுகிறவனுக்கு ஃபீஸில் குறைவது 1,800தான். இப்படியே நாலு மாதம் போனால் என் கையை விட்டுப் போன 12,000-த்தில் 4,800 ஃபைனுக்கே சரி. இரண்டாம் டெர்மில் இன்னும் 12,800 நிற்கும், அதற்குள் மூன்றாம் டெர்மும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சம்பளம் பாதியானவனுக்கு இவர்கள் செய்கிற உதவி இது.

அதனால் ஒன்று சொல்கிறேன். தவணை பேசப் போனால் மாதம் எவ்வளவு என்று பேசுவதற்கு முன்னால் ஃபைன் எந்தத் தேதியோடு நிற்கும் என்று பேசுங்கள். அது நிற்காவிட்டால் தவணை என்பதே கிடையாது, கொட்டக் கொட்ட ஒழுகுகிற குடம்தான். ரசீதில் "டியூஷன் ஃபீஸ், இரண்டாம் டெர்ம்" என்று தலைப்பும், ஒவ்வொரு முறையும் மீதி எவ்வளவு என்பதும் இருக்கிறதா பாருங்கள். என் முதல் ரசீதில் வெறுமனே "இதர வசூல்" என்று போட்டிருந்தார்கள். எதன் இதரம்? கேட்டால் பதில் இல்லை.

இதற்கு அப்புறம் வந்ததுதான் உச்சம். அடுத்த முறை போனபோது மேடம் முகமெல்லாம் சிரிப்பு. "உங்களுக்காகவே இ.எம்.ஐ. வசதி இருக்கு சார், வட்டியே இல்லை" என்று பக்கத்து நாற்காலியில் இருந்த பையனைக் காட்டினார். அவன் டேப்லெட்டோடு தயாராக இருந்தான். பான் கார்டு கேட்டான், ஆதார் ஓ.டி.பி. கேட்டான், பேங்க் பாஸ்புக் கேட்டான். பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்ட ஆதார் ஓ.டி.பி. எதற்கு என்று அங்கேயே பொறி தட்டியது. திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். ஒப்பந்தத்தில் பள்ளியின் பெயரே இல்லை, ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. இது தவணை இல்லை சார், கடன்.

இதன் சூட்சுமம் இதுதான். ஃபைனான்ஸ் கம்பெனி என் பெயரில் 40,000 கடன் போட்டு, பணத்தை நேராகப் பள்ளிக்கு அனுப்பிவிடும். நான் அவர்களுக்கு எட்டு மாதம் 5,000 கட்ட வேண்டும். வட்டி இல்லை என்றால் கம்பெனி தர்மத்துக்கா செய்கிறது? இந்த மாதிரி ஏற்பாடுகளில் பெரும்பாலும் வட்டிக்கு ஈடான தொகையைப் பள்ளியே கழிவாக விட்டுக்கொடுக்கும், நம்மிடம் பிராசஸிங் ஃபீஸ் என்று தனியாக ஒன்று வாங்குவார்கள். மொத்தமாக முன்பணம் கிடைக்கிறது என்றால் யாரோ ஒரு கம்பெனிக்குக் கழிவு கொடுக்க மனசு வருகிறது. இரண்டு பிள்ளைகளை ஐந்து வருடமாக அனுப்புகிற எனக்கு ஃபைனை நிறுத்த மட்டும் மனசு வரவில்லை!

சரி, எட்டு மாதம் 5,000-மும் நான் சொன்ன கணக்கும் ஒன்றுதானே என்று கேட்டார் மேடம். ஒன்றே இல்லை. வருமானம் அடிபட்டிருக்கிற முதல் நாலு மாதத்திலேயே 20,000 போக வேண்டும், என்னால் முடிவது 12,000. அதுவும் 5-ஆம் தேதி தானாகவே அக்கவுன்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எனக்கு லோடு வாடகை கைக்கு வருவது 10-ஆம் தேதிக்கு மேல். காசு இல்லாத அக்கவுன்டில் கை வைத்தால் பேங்க் ஒரு பவுன்ஸ் சார்ஜ் போடும், அதற்கு ஜி.எஸ்.டி. வேறு, ஃபைனான்ஸ்காரன் தன் பங்குக்கு ஒன்று போடுவான். மாதம் தவறினால் சிபிலில் பதிவாகும். பள்ளிக்குப் பாக்கி வைத்தால் மேடத்தின் முறைப்போடு போகும். இங்கே பாக்கி வைத்தால் நாளைக்கு ஒரு பழைய குட்டியானை வாங்க லோன் கேட்டுப் போகும்போது இந்த 5,000 வந்து குறுக்கே நிற்கும். நடு வருடத்தில் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்தாலும் கடன் என் தலையில்தான்.

வருமானம் குறையாதவர்களுக்கு, ஒரே நேரத்தில் மொத்தமாகக் கட்ட வேண்டாமே என்கிறவர்களுக்கு, அது வசதியாக இருக்கலாம், மறுக்கவில்லை. அவர்களும் கையெழுத்துக்கு முன்னால் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்குங்கள். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு என்று அதில் போட்டுக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எங்களிடம் வந்த பையனிடம் கேட்டேன். "அதெல்லாம் மெயில்ல வரும் சார்" என்றான். எப்போது? கையெழுத்துப் போட்ட பிறகாம்.

இ.எம்.ஐ. வேண்டாம் என்றதும், அப்படியானால் எட்டுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். தொகை எழுதாமல்! கடனுக்குக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி, நோட்டீஸ் வந்தும் 15 நாளில் கட்டவில்லை என்றால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் கிரிமினல் வழக்கு வரை போகலாம். ஃபீஸுக்குத் தவணை கேட்டவனைக் கோர்ட் வாசலில் நிறுத்த இதைவிடச் சுலபமான வழி இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இதற்கு நடுவில் பிள்ளையைத் தொட்டார்கள் பாருங்கள், அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. நாலாவது படிக்கிற சின்னவளை வகுப்பில் எழுப்பி, "அப்பாகிட்ட ஃபீஸ் கேளு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள். பரீட்சைக்கு உட்கார விட மாட்டோம் என்று டைரியில் ஒரு வரி. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்டால் உண்டியலை உடைத்துத் தருவாளா? கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு குழந்தையை மனரீதியாகத் துன்புறுத்தக் கூடாது என்கிறது. 16-ஆவது பிரிவு எட்டாம் வகுப்பு முடியும் வரை வெளியேற்றக் கூடாது என்கிறது. டி.சி.யில் ஃபீஸ் பாக்கி என்று எழுதக் கூடாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதனால் பாக்கி தள்ளுபடியாகிவிடாது, அதை நானும் கேட்கவில்லை. பாக்கி எனக்கும் பள்ளிக்கும் இடையில் உள்ளது, என்னிடம் கேளுங்கள்.

அன்றைக்குத்தான் கவுன்டரோடு பேசுவதை நிறுத்தினேன். மேடத்துக்கு ஃபைனை நிறுத்துகிற அதிகாரமே கிடையாது, இல்லாத அதிகாரத்தை அவரிடம் கேட்டு என்ன பயன்? தாளாளர் பெயருக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினேன். பிள்ளைகளின் பெயர், வகுப்பு, அட்மிஷன் நம்பர். வேலை போனது எப்போது, அதற்குக் கான்ட்ராக்டர் கொடுத்த சீட்டு, பாஸ்புக் நகல். தேதிவாரியாக என் தவணை, ஒவ்வொன்றும் 15-ஆம் தேதி. கடிதத் தேதியிலிருந்து ஃபைன் வேண்டாம், கட்டுவதை டியூஷன் ஃபீஸிலேயே வரவு வையுங்கள், பிள்ளைகளிடம் எதுவும் கேட்க வேண்டாம். கடைசியாக, அரசின் கட்டண நிர்ணயக் குழு இந்தப் பள்ளிக்கு வகுப்புவாரியாக நிர்ணயித்த கட்டண உத்தரவின் நகலையும் கேட்டேன். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழு நிர்ணயித்ததற்கு மேல் வாங்கக் கூடாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொண்டேன். சீல் போட மாட்டோம் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, மாவட்டக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் போடுவதாக இருந்தேன். தனியார் பள்ளிகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார்.

தாளாளர் கூப்பிட்டார். கடைசி வரியைத்தான் முதலில் பேசினார். "உத்தரவு நகல் எல்லாம் எதுக்கு சார், நமக்குள்ள பேசிக்கலாமே" என்று டீ வேறு வரவழைத்தார். நான் கொடுத்த தவணை அப்படியே ஏற்கப்பட்டது. ஏற்கெனவே பிடித்த ஃபைனை ஃபீஸில் மாற்றி வரவு வைத்தார்கள். என் கடிதத்தின் கீழேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கால் மணி நேர வேலை. இதைச் செய்ய முடியும் என்றால் முதல் நாளே ஏன் செய்யவில்லை?

உத்தரவு நகல் இன்னும் வரவில்லை. ஆப்பில் "உடனடியாகச் செலுத்தவும்" என்று சிவப்பு எழுத்தில் மெசேஜ் இன்னும் வருகிறது, அது தானாக வருவதாம், நிறுத்தத் தெரியாதாம். அந்த ஃபைனான்ஸ் பையன் வேறு வாரத்துக்கு ஒரு முறை போன் செய்து லோன் வேண்டுமா என்கிறான். என் நம்பரை அவனுக்கு யார் கொடுத்தது என்று கேட்டு அடுத்த கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இதற்கும் இரண்டு பிரதி.