ஒரு பட்டன் மட்டும் தானாம்!

ராத்திரி பத்தரைக்கு, நான் வெப்சைட் செய்து தருகிற விடுதிக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. "தம்பி, சைட் சூப்பரா இருக்கு. அந்த விசாரணை ஃபார்ம் பக்கத்துல ரூம் புக் பண்ண ஒரு பட்டன் மட்டும் வெச்சிடுங்க. சின்ன வேலைதானே!"

ஆமாம் சார், பட்டன் வைக்க ஐந்து நிமிஷம் போதும். அதை அமுக்கினால் என்ன நடக்கணும்? வருகிறவர் தேதி பார்க்கணும், அன்றைக்கு அறை காலியா என்று தெரியணும். ஒரே அறையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் அமுக்கினால் ஒருவருக்குத்தான் போகணும். அதே அறையை நீங்கள் வேறு புக்கிங் தளங்களிலும் விற்கிறீர்கள், அங்கே போனதும் இங்கே மூடணும். பணம் வாங்க பேமென்ட் கேட்வே வேண்டும், அதற்கு உங்கள் பேரில் கணக்கும் பான் கார்டும் வேண்டும். வங்கியில் பணம் பிடித்துவிட்டு நம்ம சைட்டுக்குத் தகவல் வராமல் போனால் ராத்திரி போன் யாருக்கு வரும்? எனக்குத்தான்.

பேசின வேலை ஐந்து பக்கம், ஒரு விசாரணை ஃபார்ம், இரண்டு முறை திருத்தம். 35,000 ரூபாய். கையெழுத்துப் போட்ட தாளில் இன்னொன்றும் இருக்கிறது: பட்டியலில் இல்லாதது எதுவானாலும் மாற்றக் கோரிக்கை. என்ன வேண்டும், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், ஒப்படைக்கும் தேதி எத்தனை நாள் தள்ளும் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தருவோம். மெயிலில் சம்மதமும் பாதிப் பணமும் வந்த பிறகுதான் கை வைப்போம். ஃபார்ம் நிரப்பியும் மெயில் வரவில்லையா? அது எங்கள் பிழை, ஒரு பைசா கேட்க மாட்டோம். போன் நம்பர் மாற்றுவது மாதிரிப் பொடி வேலைகளுக்கு மொத்தமாக இரண்டு மணி நேரம் இலவசம். இதற்கு மேல் நியாயம் வேண்டுமென்றால் கோயில் கட்டித்தான் வைக்கணும்.

கணக்குப் போட்டேன். காலண்டரும் காலி அறைக் கணக்கும் 14 மணி நேரம், பணம் கட்டும் இணைப்பு 10, ரத்தும் பணம் திருப்பித் தருவதும் 6, சோதனை 6. ஆக 36 மணி நேரம், மணிக்கு 600 வீதம் 21,600 ரூபாய். ஜிஎஸ்டி தனி. ஒப்படைப்பு இரண்டு வாரம் தள்ளும்.

"ஒரு பட்டனுக்கு இருபத்தோராயிரமா?"

அதே மனுஷர்தான் தன் விடுதியில் எக்ஸ்ட்ரா பெட் கேட்டால் தனி பில் போடுகிறவர். 'ரூம் வாடகை கொடுத்தேனே, ஒரு மெத்தைதானே' என்று யாராவது சொன்னால் புதுச்சேரி ஒயிட் டவுன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார்.

சரி, பட்ஜெட் இல்லையென்றால் பட்டன் வேண்டாம், ஃபார்மில் வந்து போகும் தேதியை மட்டும் கேட்போம், அதை அந்த இலவச இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே முடித்துத் தருகிறேன் என்றேன். பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது. எதற்குச் சம்மதம், பட்டனுக்கா, தேதிக்கா? கேட்டு மெயில் போட்டேன். பதில் வாட்ஸ்அப்பில்தான் வந்தது: "அப்படியே பிரெஞ்சுலயும் போட்டுடுங்க தம்பி, ஃபாரினர்ஸ் வருவாங்க."

சிரிப்புதான் வந்தது. இன்னொரு தாள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

இதில் இன்றைக்குச் சனிக்கிழமை வேறு. பீச் பார்க்க வந்த எவனோ ஒருத்தன் என் வீட்டு கேட்டை மறித்துக் காரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கும் ஒரு மாற்றக் கோரிக்கை ஒட்டணும்.