வலிப்பு நிற்காத பிள்ளைக்கு 900 மில்லிகிராம் ஏற்றுவது ஓவர்டோஸா?

"பெரியாக்களுக்கே 500 குளிசைதான். நாலு வயசுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில 900 லெவெடிரசெட்டம் ஒரேயடியா ஏத்தினதாம். ஓவர்டோஸ், கவனம்!" – கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வாட்ஸப்பில் சுற்றும் குரல் பதிவு.

தவறு. லெவெடிரசெட்டம் வலிப்பு மருந்து; அதன் 500 மில்லிகிராம் குளிசை, வலிப்பு வராமல் தடுக்க நாளாந்தம் குடிப்பது. மிடசோலம் அல்லது டயசிபாம் இரண்டு தடவை கொடுத்தும் வலிப்பு ஓயாவிட்டால் கதை வேறு. இரத்தத்தில் மருந்தின் அளவைச் சில நிமிடங்களில் உயர்த்த வேண்டும். அதனால் முதல் அளவு பெரிதாக இருக்கும். அதைத் தீர்மானிப்பது எடைதான், வயது அல்ல.

வழக்கமான கணக்கு, கிலோவுக்கு 40 முதல் 60 மில்லிகிராம். பிள்ளை 15 கிலோ என்றால் 600 முதல் 900. ஊசி மருந்தில் ஒரு மில்லிலீட்டருக்கு 100 மில்லிகிராம் இருப்பதால், 900 என்பது வெறும் 9 மில்லிலீட்டர். அதைச் சேலைனில் கலந்து 5 முதல் 10 நிமிடத்தில் ஏற்றுவார்கள். எடை கூடிய பிள்ளைக்கும் 4500ஐத் தாண்டமாட்டார்கள்.

பிழை வரக்கூடிய இடம் எடைதான். தராசில் நிறுக்க நேரமிருக்காது, அதனால் கிளினிக் கொப்பியில் உள்ள கடைசி எடையைச் சொல்லுங்கள். பிள்ளை ஏற்கெனவே இதே மருந்தைக் குடிக்கிறதென்றால் அதையும் சொல்லுங்கள்.

இந்த மருந்துக்கும் எல்லா வலிப்பும் அடங்காது. 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே நின்றது. ஒப்பிட்ட மற்ற இரண்டு மருந்துகளும் அப்படித்தான். நிற்காவிட்டால் பினைட்டோயின் அல்லது பினோபாபிட்டோன், அப்புறம் தீவிர சிகிச்சைப் பிரிவு.

ஒன்று மட்டும்: வலிப்பு வந்த பிள்ளையின் வாயில் வீட்டில் குளிசை போடாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990ஐ அழையுங்கள்.