வளையத்துக்குள் புள்ளி இருக்கிறதா, பாருங்கள்

முந்தாநாள் காலையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. உச்சிப்புளிப் பக்கம் கருவேலங்காட்டில் சிறுத்தை புகுந்துவிட்டதாம். அன்றைக்கு விறகு வெட்ட யாருமே போகவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பிய சித்தப்பா எனக்குப் போன் பண்ணி, "பிள்ளைகளை வெளியே விடாதப்பா" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆற்றோரம் நனைந்த உடம்போடு நிற்கிறது. விலாவில் பெரிய பெரிய கருப்பு வளையங்கள், பலவற்றின் நடுவே ஒன்றிரண்டு புள்ளிகள். அது ஜாகுவார். தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்கிற விலங்கு. ஆற்றில் இறங்கி நீந்தி, கெய்மன் முதலையையே மண்டையில் கடித்துக் கொல்லும். நம் ஊர்க் காடு எதிலும் அது கிடையாது.

சிறுத்தையின் உடம்பிலும் வளையம் உண்டு. ஆனால் சிறிதாக, நெருக்கமாக, உள்ளே வெறுமையாக இருக்கும். விலாவைத்தான் பார்க்க வேண்டும். தலையிலும் காலிலும் இரண்டுக்கும் வெறும் புள்ளிதான், அங்கே பார்த்தால் ஏமாந்துவிடுவோம். படம் மங்கலாக இருந்தால் உடற்கட்டைப் பாருங்கள். ஜாகுவாருக்குப் பெரிய தலை, குட்டையான கால், குட்டை வால். சிறுத்தை மெலிந்தது, வாலும் நீளம். இரையைக் கவ்விக்கொண்டு மரமேறுகிற விலங்குக்கு அந்த வால்தான் சமநிலை தருகிறது.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். "சீலா மீன்ல கோடு விழுந்தது வேற, புள்ளி விழுந்தது வேற. அந்த மாதிரிதானே?" அதேதான் சித்தப்பா.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது மூன்றாவது விலங்கின் கதை. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு வந்தபோது, "70 ஆண்டுகளுக்குப் பிறகு சிறுத்தை திரும்பியது" என்று பல செய்திகளில் படித்தேன். சிறுத்தை எப்போது போனது, திரும்புவதற்கு? குனோ காட்டிலேயே அது இருக்கிறது. வந்தது சிவிங்கிப்புலி, ஆங்கிலத்தில் சீட்டா. இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டதும் அதுதான். இவ்வளவு அழகான பெயர் தமிழில் இருக்கும்போது எதற்கு இந்தக் குழப்பம்?

சிவிங்கிப்புலிக்கு வளையமே கிடையாது, காசு ஒட்டி வைத்ததுபோல முழுப்புள்ளிகள். கண்ணின் உள்முனையிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்ததுபோல ஒரு கருங்கோடு. சிப்பிப்பாறை நாயைப் பார்த்திருப்பீர்களே, அதே ஆழமான மார்பு, ஒட்டிய இடுப்பு. வெட்டவெளியில் பெரும்பாலும் பகலில் துரத்திப் பிடிக்கும். சிறுத்தை இருட்டில் பதுங்கி வரும். சிவிங்கிப்புலியின் நகம் முழுசாக உள்ளே போகாது, அதனால் தடத்தில் நாய்க்குப் போலவே நகக்குறி விழும். சிறுத்தை நடந்த தடத்தில் பொதுவாக நகம் தெரியாது.

ஆகவே கருவேலங்காட்டில் சந்தேகமாக ஒரு தடம் கண்டால் முதலில் நகக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் நாயாகத்தான் இருக்கும். இல்லையென்றால் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து நேர் மேலிருந்து படமெடுத்து வனத்துறைக்கு அனுப்புங்கள். குழுவில் போடுவதெல்லாம் அப்புறம்.